கீரையும் மாம்பழமும்: விலை ஏறினால் யாரால் கூடுதலாக விற்க முடியும்?

விலை திடீரென 50 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கீரை போடுபவர் கூடுதல் பாத்திகளில் விதைத்து ஒரு மாதத்துக்குள் அறுத்துவிடலாம். வரத்து 60 சதவீதம் கூடினால், அளிப்பு நெகிழ்ச்சி, அதாவது விலை ஒரு சதவீதம் ஏறும்போது வரத்து எத்தனை சதவீதம் கூடுகிறது என்ற கணக்கு, 60 ÷ 50 = 1.2.

மாந்தோப்பில் அது நடக்காது. இந்தப் பருவத்துக் காய்ப்பு, சில மாதங்களுக்கு முன் பூத்துப் பிஞ்சு பிடித்தபோதே பெரும்பாலும் முடிவாகிவிட்டது. இப்போது உரத்தைக் கொட்டினாலும் புதுப் பிஞ்சு வராது. முற்றாத காயைப் பறித்தால் ருசியும் போகும், எடையும் குறையும். வழக்கமாகக் கழித்துப்போடும் பழங்களையும் சேர்த்து அனுப்பினால் வரத்து 5 சதவீதம் கூடலாம். நெகிழ்ச்சி வெறும் 0.1.

சரி, புதிதாக நடலாமே? ஒட்டுக்கன்றுகூட நல்ல மகசூல் தர நாலைந்து வருடம் ஆகும். அதுவரை இதே விலை நிற்குமா என்று தெரியாததால் பலர் நடவே தயங்குகிறார்கள்.