பி.டி.எச். மூன்றிலும் கூடும்; நோயைப் பிரிப்பது பாஸ்பேட்டும் கால்சியமும்

எலும்பு வலி, பாராதைராய்டு ஹார்மோனான பி.டி.எச். அதிகம், ஆல்கலைன் பாஸ்படேஸும் அதிகம். வினாத்தாளில் இவ்வளவு மட்டும் இருந்தால் நோயைச் சொல்ல முடியாது. பாராதைராய்டு சுரப்பியில் கட்டி, வைட்டமின் டி குறைபாடு, நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு ஆகிய மூன்றுமே இப்படித்தான் வரும். முதலில் பாஸ்பேட்டையும் அடுத்து கால்சியத்தையும் பார்த்தால் மூன்றும் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

பி.டி.எச்., வைட்டமின் டி-யின் செயல்வடிவமான கால்சிட்ரியால் ஆகிய இரண்டு ஹார்மோன்களும் கால்சியத்தை உயர்த்துபவைதான். பாஸ்பேட்டில்தான் அவை எதிரெதிர்த் திசையில் போகின்றன. பி.டி.எச். எலும்பைக் கரைக்கும்போது கால்சியம், பாஸ்பேட் இரண்டும் ரத்தத்துக்கு வருகின்றன. சிறுநீரகத்தின் தொலை நுண்குழலில் கால்சியத்தைத் திரும்ப உறிஞ்ச வைக்கும் அதே ஹார்மோன், அண்மை நுண்குழலில் பாஸ்பேட் உறிஞ்சப்படுவதைத் தடுத்துச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. கூடவே 1-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ் நொதியைத் தூண்டிக் கால்சிட்ரியாலை உருவாக்குகிறது. கால்சிட்ரியால் குடலிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் சேர்த்தே உள்ளே எடுக்கிறது.

இதிலிருந்து மூன்று நோய்களின் எண்களும் தாமாகவே வரும். பாராதைராய்டு கட்டியில் பி.டி.எச். கட்டுப்பாடின்றிச் சுரக்கிறது: கால்சியம் உயரும், பாஸ்பேட் குறையும். வைட்டமின் டி குறைபாட்டில் குடல் இரண்டையும் சரிவர உறிஞ்சுவதில்லை. கால்சியம் குறையத் தொடங்கியதும் பி.டி.எச். ஏறி அதை ஓரளவு தூக்கிப் பிடிக்கிறது. ஆனால் ஏற்கெனவே குறைந்த பாஸ்பேட்டைச் சிறுநீரில் மேலும் இழக்க வைக்கிறது. அதனால் கால்சியம் குறைவாகவோ இயல்பின் அடிமட்டத்திலோ இருக்கும், பாஸ்பேட் தெளிவாகக் குறைந்திருக்கும். சிறுநீரகம் கெட்டால் பி.டி.எச். எவ்வளவு ஏறினாலும் பாஸ்பேட்டை வெளியேற்றப் போதிய நெஃப்ரான்கள் இல்லை; கால்சிட்ரியாலும் உருவாவதில்லை. கால்சியம் குறைந்து பாஸ்பேட் உயர்ந்திருக்கும். பி.டி.எச். கூடியும் பாஸ்பேட் உயர்ந்திருந்தால் முதலில் கிரியாட்டினினைப் பாருங்கள்.

ஒரு வினாவைப் போட்டுப் பார்ப்போம். 34 வயதுப் பெண்; இடுப்பிலும் தொடையிலும் வலி, படியேறச் சிரமம், தள்ளாடிய நடை. கால்சியம் 8.1, ஆல்புமின் 3.0, பாஸ்பேட் 1.9, கிரியாட்டினின் 0.8, பி.டி.எச். 140, ஆல்கலைன் பாஸ்படேஸ் 380.

ரத்தக் கால்சியத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஆல்புமினோடு ஒட்டியிருப்பதால், ஆல்புமின் குறைந்தால் மொத்தக் கால்சியமும் குறைவாகக் காட்டும். எனவே திருத்தம்:

8.1 + 0.8 × (4 − 3.0) = 8.9

இயல்பு எல்லை 8.5 முதல் 10.5 வரை என்பதால் 8.9 இயல்புதான். இங்கே "கால்சியம் சரியாக இருக்கிறதே, பின் எலும்பு நோய் எப்படி?" என்ற சந்தேகம் வரும். அதைச் சரியாக வைத்திருப்பதே அந்த 140 என்ற பி.டி.எச்.தான், அதற்கான விலை பாஸ்பேட்டில் தெரிகிறது. பாஸ்பேட்டின் இயல்பு 2.5 முதல் 4.5, இங்கே 1.9. கால்சியமும் பாஸ்பேட்டும் சேராமல் எலும்பில் தாது படியாது. கிரியாட்டினின் இயல்பு, ஆகவே சிறுநீரகம் காரணமல்ல. விடை வைட்டமின் டி குறைபாட்டால் வரும் ஆஸ்டியோமலேசியா.

உறுதி செய்ய எதை அளப்பது? 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி. கால்சிட்ரியாலைத் தேர்ந்தெடுத்தால் தவறு, உயர்ந்த பி.டி.எச். அந்த நொதியைத் தூண்டுவதால், குறைபாட்டிலும் அது இயல்பாகவோ கூடுதலாகவோ இருக்கலாம்.

இதே பெண்ணுக்குத் திருத்திய கால்சியம் 11.6 என்றிருந்தால் பாராதைராய்டு கட்டியின் பக்கம் போக வேண்டும். கால்சியம் 7.6, பாஸ்பேட் 6.5, கிரியாட்டினின் 6 என்றிருந்தால் சிறுநீரகம்.

எக்ஸ்ரேயும் இந்தக் கணக்கையே பின்தொடர்கிறது. பி.டி.எச். மிகையால் கரையும் எலும்பில் விரல்களின் நடு எலும்பில், கட்டைவிரல் பக்கமாக, உறைக்குக் கீழே அரிப்பு தெரியும். முற்றினால் பழுப்புக் கட்டிகளும் வரும். ஆஸ்டியோமலேசியாவில் தாது படியாத ஆஸ்டியாய்டு சேர்ந்துகொண்டே போகும்; தொடையெலும்பின் கழுத்து, இடுப்பெலும்பு போன்ற இடங்களில் லூசர் கோடுகள் தெரியும். வளர்ச்சித் தட்டு மூடாத குழந்தைக்கு இதுவே ரிக்கெட்ஸ்: மணிக்கட்டருகே எலும்பு முனை அகன்று, கிண்ணம்போல் குழிந்து, ஓரம் பிசிறியிருக்கும். ஆஸ்டியோபோரோசிஸில் எலும்பின் அளவுதான் குறைகிறது, தாதுப் படிவு சரியாகவே நடக்கிறது. அதனால் ரத்த எண்கள் எல்லாம் இயல்பாக இருக்கும்.

சிகிச்சையைக் கேட்கும் வினாவிலும் பாஸ்பேட்தான் வழிகாட்டும். மேலே சொன்ன பெண்ணுக்குக் கோலிகால்சிஃபெரால் கொடுத்தால் போதும். மீதியை அவருடைய கல்லீரலும் சிறுநீரகமும் செய்துகொள்ளும். சிறுநீரக நோயாளிக்கு அந்தக் கடைசிப் படி நடக்காது, ஆகவே அங்கே கால்சிட்ரியால். ஆனால் அது குடலிலிருந்து பாஸ்பேட்டையும் ஏற்றும் என்பதால், முதலில் உணவாலும் பாஸ்பேட் பிணைப்பிகளாலும் அந்த 6.5-ஐக் கீழே இறக்க வேண்டும்.