எண்ணிக்கையா, மரபணுவா? கருச்சோதனை ஒப்பீடு

தக்கலைத் தம்பதியர் கேட்டார்கள். இருவருமே பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோயின் மரபணுவைச் சுமப்பவர்கள். ஐ.வி.எஃப். கருவைக் கருப்பையில் வைக்கும் முன் செய்யும் மரபணுச் சோதனைகளில் பி.ஜி.டி.-ஏ போதுமா, பி.ஜி.டி.-எம் வேண்டுமா?

எதைக் காணும்?
ஏ: குரோமோசோம் எண்ணிக்கை மட்டும். வகுப்பில் தலைகளை எண்ணினால் யாருக்குக் காய்ச்சல் என்று தெரியுமா? தலசீமியா இதில் படாது.
எம்: பெற்றோரிடமுள்ள அந்தப் பிறழ்வு.

முன்னேற்பாடு
ஏ: தனியாக இல்லை.
எம்: இருவர் இரத்தத்தையும் ஆராய்ந்து சோதனையை வடிவமைக்கச் சில வாரங்கள்.

குறை
இரண்டிலும், நஞ்சுக்கொடியாக வளரப்போகும் வெளிப்படலத்தில் சில செல்களையே கிள்ளுகிறார்கள். குழந்தையாகும் உட்பகுதி வேறுபட்டிருந்தால் ஏ தவறிவிடும். எம் சோதனையில் மரபணுவை நகலெடுத்துப் பெருக்கும்போது அதன் ஒரு பிரதி பெருகாமல் போனால் முடிவு பிசகும்.

இவர்களுக்கு எம்தான், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு. முடிவை உறுதிசெய்ய, கருத்தரித்தபின் 11–13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுச் சோதனையும் செய்யவேண்டும். ஏ, வயது கூடிய பெண்கள் யோசிக்கவேண்டியது.