சொல்லை எடுத்தால் போதுமா, கேள்வியை மாற்றி எழுத வேண்டுமா: வாடிக்கையாளர் கருத்துப் படிவத்தைச் சரிசெய்ய இரண்டு வழிகள்

மதுரை மாசி வீதிகளில் ஒரு சுங்குடிச் சேலைக் கடை. வாங்கியவர்களிடம் கருத்துக் கேட்க ஒரு படிவம் தயாராகிறது. வரைவில் இப்படி ஒரு கேள்வி: “எங்கள் தரமான சுங்குடிச் சேலையில் சாயம் போகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?” படித்ததுமே தெரிகிறது, பதிலைக் கடைக்காரரே எழுதிவிட்டார். இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. சாய்க்கும் சொற்களை மட்டும் நீக்குவது ஒன்று, கேள்வியின் வடிவத்தையே மாற்றுவது மற்றொன்று. பெரும்பாலான கடைகள் முதலாவதோடு நிறுத்திக்கொள்கின்றன. நான் இரண்டாவதன் பக்கம்.

முதல் வழி சுலபம், அரை மணி நேர வேலை. வரைவை எடுத்து ‘தரமான’, ‘கனிவான’, ‘நியாயமான’ போன்ற அடைமொழிகளையும், ‘அல்லவா’, ‘தானே’ என்று முடியும் வால்களையும் அடித்துவிடுவார்கள். இது செய்தே ஆக வேண்டிய வேலை. அதிலும் “நலிந்துவரும் கைவினையைக் காக்க 100 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பீர்களா?” போன்ற கேள்வியில் இது நல்ல பலன் தரும். அங்கே ‘இல்லை’ என்பவர் கைவினைக்கு எதிரியாகிவிடுகிறார். அந்த முன்பாதியை எடுத்துவிட்டால் விலை பற்றிய கேள்வி மட்டும் மிஞ்சும்.

ஆனால் சாயக் கேள்வியில் அதே கத்தரியை வைத்துப் பாருங்கள். ‘எங்கள் தரமான’ போய்விட்டால் மிஞ்சுவது: “சுங்குடிச் சேலையில் சாயம் போகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?” அடைமொழி ஒன்றுகூட இல்லை. இருந்தும் மூன்று கோளாறுகள் அப்படியே இருக்கின்றன.

முதலாவது, ஒரு கூற்றை முன்வைத்து ‘சரியா?’ என்று கேட்டால், அக்கறையில்லாதவரும் மரியாதைக்காரரும் ‘ஆமா’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டு கடைக்காரர் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்ல நம் ஊரில் பலருக்கு வாய் வராது. இரண்டாவது, எதிர்மறைக் கூற்று என்பதால் ‘ஆம்’ என்ற பதிலுக்கே இரண்டு பொருள் வருகிறது. “ஆமா, போகலை” என்பதும் “ஆமா, போச்சு” என்பதும் ஒரே கட்டத்தில் ஒரே டிக் ஆகிவிடும். மூன்றாவது, சேலையை இன்னும் துவைக்காதவருக்கு அங்கே இடமே இல்லை. அவரும் ஏதோ ஒன்றில் டிக் போடுவார், அது பெரும்பாலும் ‘ஆம்’ பக்கம்தான் விழும்.

வடிவம் எவ்வளவு இழுக்கும் என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1941-ல் அமெரிக்காவில் டொனால்ட் ரக் வெளியிட்டது. மக்களாட்சிக்கு எதிரான மேடைப்பேச்சை அனுமதிக்க வேண்டுமா என்று கேட்டபோது 62 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். தடைசெய்ய வேண்டுமா என்று வேறொரு குழுவிடம் கேட்டபோது 46 சதவீதம் பேர்தான் ஆம் என்றார்கள். விஷயம் ஒன்றே, இரண்டிலும் புகழ்மொழி ஏதும் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறோம் என்பதே பதிலை நகர்த்திவிட்டது.

இரண்டாவது வழியில் ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்பதையே விட்டுவிட்டு, நடந்ததைக் கேட்க வேண்டும். முதலில் ஒரு வடிகட்டிக் கேள்வி: “இங்கே வாங்கிய சுங்குடிச் சேலையைத் துவைத்துவிட்டீர்களா?” இன்னும் இல்லை என்றால் சாயக் கேள்வியைத் தாண்டிவிடலாம். துவைத்தவரிடம் அடுத்தது. இங்கேதான் பலர் மறுபடி வழுக்குகிறார்கள். “சாயம் எவ்வளவு போனது?” என்று எழுதினால், போனது என்று நாமே முடிவுகட்டிவிட்டோம், இந்த முறை கடைக்குப் பாதகமாக. அதனால் இரண்டு பக்கமும் கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும்: “முதல் முறை துவைத்தபோது சாயம் இறங்கியதா, இறங்கவில்லையா?” பதில்கள்: இறங்கவே இல்லை; தண்ணீர் மட்டும் நிறம் மாறியது; வேறு துணியில் ஒட்டும் அளவுக்கு இறங்கியது; கவனிக்கவில்லை.

இந்த நான்கும் கண்ணால் பார்த்ததைச் சொல்லும் பதில்கள். ‘மிகவும் திருப்தி, திருப்தி, ஓரளவு திருப்தி’ என்று மூன்றையும் நல்ல பக்கத்திலேயே அடுக்கும் படிவங்களில் அதிருப்தியாளருக்கு டிக் போட இடமே கிடையாது. திருப்தியைத்தான் கேட்பதென்றால் நல்லதற்கு இரண்டு, கெட்டதற்கு இரண்டு என்று சமமாக வையுங்கள். நடுவில் ‘இரண்டும் இல்லை’ வேண்டுமா என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போவதில்லை. எனக்கும் உறுதியான முடிவு இல்லை. பக்கங்கள் சமமாக இருப்பதைத்தான் நான் வலியுறுத்துவேன்.

தாளில் சமமாக எழுதியது வாயில் சாய்ந்துவிடுவதுதான் அடுத்த சிக்கல். எழுத்துத் தமிழில் அச்சிட்ட கேள்வியை விற்பனைப் பெண் அப்படியே வாசிக்க மாட்டார். “சாயம்லாம் எறங்கலைல்லக்கா?” என்று தன் வழியில் கேட்பார். அந்த ஒரு ‘ல்ல’ போதும், அத்தனை திருத்தமும் வீண். அதனால் வாய்விட்டுக் கேட்கும் படிவமென்றால் பேச்சு வரியையே அச்சிட்டுக் கொடுங்கள்: “மொத வாட்டி தொவைச்சப்ப சாயம் எறங்குச்சா, எறங்கலையாக்கா?” கேட்பவர் சேலையை விற்றவராக இல்லாமல் வேறொருவராக இருந்தால் இன்னும் நல்லது. வாங்கி 10 நாள் கழித்து போனிலோ வாட்ஸ்அப்பிலோ கேட்டால் முகத்தாட்சண்யமும் குறையும், துவைத்தவர்களும் கூடுதலாகக் கிடைப்பார்கள்.

வெறும் திறந்த கேள்வி போதாதா? “சேலை எப்படி இருந்தது?” என்பது எவரையும் எந்தப் பக்கமும் தள்ளாது. ஆனால் பாதிப் பேர் ‘நல்லாருக்கு’ என்று எழுதி முடித்துவிடுவார்கள், சாயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடைசியில் ஒன்று வையுங்கள், போதும்.

புதிய வடிவம் உண்மையிலேயே தேவையா என்று சந்தேகப்படும் முதலாளிக்கு எண்ணிக் காட்டலாம். பழையது ஒருவருக்கு, புதியது அடுத்தவருக்கு என்று பில் எண்ணின் ஒற்றை, இரட்டை பார்த்து மாற்றி மாற்றிக் கொடுங்கள். பிறகு இரண்டிலும் ‘சாயம் போகவில்லை’ என்ற பதிலின் சதவீதத்தை ஒப்பிடுங்கள். துவைக்காதவர்கள் புதிய படிவத்தில் வடிகட்டப்படுவதால், பழையதிலும் துவைத்தாயிற்றா என்பதைக் கடைசியில் கேட்டுக்கொண்டு, துவைத்தவர்களை மட்டும் எண்ணுங்கள். ஒவ்வொரு படிவத்துக்கும் 50 பேர் என்றால் சுமார் 20 சதவீதப் புள்ளி வரையிலான வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். 200 பேர் என்றால் அது சுமார் 10 ஆகக் குறையும். சின்னக் கடையில் 200 சேர மாதங்கள் ஆகும். அதற்குப் பொறுமை இல்லையென்றால், ஐந்தாறு வாடிக்கையாளர்களிடம் கேள்வியைக் காட்டி, “இதுல என்ன கேக்குறாங்கன்னு உங்க பேச்சுல சொல்லுங்க” என்று கேட்கலாம். “சாயம் போகலைன்னு சொல்லச் சொல்றாங்க” என்று ஒருவர் சொன்னாலும் அந்தக் கேள்வியை மறுபடி எழுத வேண்டும்.

வடிவத்தை மாற்றுவதில் ஒரு நிஜமான நஷ்டம் உண்டு. கடந்த வருடத்து எண்ணோடு இந்த வருடத்து எண்ணை நேராக ஒப்பிட முடியாது. 90 சதவீதம் ‘ஆம்’ என்று இருந்தது 60-க்கு இறங்கினால், சேலை கெட்டுவிட்டது என்று சாயப்பட்டறைக்காரரிடம் சண்டைக்குப் போகக் கூடாது. பழையதையும் புதியதையும் ஒரே காலத்தில் ஓட்டினால் படிவத்தால் எவ்வளவு இறங்கியது என்று தோராயமாகத் தெரியும். அதைக் கழித்த பிறகும் மிச்சம் இருந்தால்தான் சாயத்தைப் பற்றிப் பேச வேண்டும்.