16 மில்லிமீட்டரும் 11.5 மில்லிமீட்டரும்: கேமரா ரிப்பன் கேபிளோடு நீண்ட நாள் பழக்கம்

ராஸ்பெர்ரி பை போர்டில் கேமரா வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலானவர்கள் முதலில் மென்பொருளைத்தான் சந்தேகிப்பார்கள். கார்டை அழித்து ஓஎஸ்ஸை மறுபடி போடுவார்கள். மாடல் 3, 4, ஸீரோ 2 டபிள்யூ, 5 என்று ஒவ்வொன்றிலும் கேமரா மாட்டி நீண்ட காலமாக ஓட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: முக்கால்வாசி நேரம் குற்றவாளி அந்த மெல்லிய பட்டைக் கேபிள்தான். அது எந்த வகையில் தப்பாக இருக்கிறது என்பதைத் திரையில் வரும் செய்தியை வைத்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் அகலம். மாடல் 1 முதல் 4 வரையிலான பெரிய போர்டுகளில் இருப்பது 15 பின் சாக்கெட். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி 1 மில்லிமீட்டர், கேபிளின் அகலம் 16. ஸீரோ வகையிலும் மாடல் 5-லும் இருப்பது 22 பின், இடைவெளி 0.5, அகலம் 11.5. பின்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி இடைவெளியால் பெருக்கினால் அகலம் வந்துவிடும். கையில் இருப்பது எந்தக் கேபிள் என்று குழம்பினால் ஒரு அளவுகோல் போதும், பின்களை எண்ணிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 2015-ல் வந்த முதல் ஸீரோவில் கேமரா சாக்கெட்டே கிடையாது. 2016-ல் வந்த 1.3 பதிப்பிலிருந்துதான் உண்டு. பழைய போர்டை யாராவது சும்மா கொடுத்தால் அதையும் பார்த்து வாங்குங்கள்.

போர்டு எதுவானாலும், வெர்ஷன் 1, 2, 3 கேமராக்களின் பக்கம் 15 பின்தான். அதனால் ஸீரோவுக்கும் 5-க்கும் ஒரு முனை அகலமாகவும் மறு முனை குறுகலாகவும் உள்ள கேபிள் வேண்டும். ஸீரோவுக்கென்று வாங்கிய கேமரா கேபிள் 5-க்கும் பொருந்தும். என்னிடம் ஒரே கேபிள்தான் இரண்டுக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்து, எந்தப் பக்கம் திருப்பி மாட்டுவது. மாடல் 4 வரை வழக்கமான விதி, மின்னும் முனைகள் எச்டிஎம்ஐ பக்கம், நீலப் பட்டை யூஎஸ்பி பக்கம். ஸீரோவில் சாக்கெட் படுத்திருக்கும். முனைகள் கீழே, போர்டைப் பார்த்து இருக்க வேண்டும். கேமராவிலும் முனைகள் அதன் பச்சைப் போர்டைப் பார்த்துதான். இவை மூன்றும் சரிதான், ஆனால் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கேபிளின் பட்டை நீலமாகத்தான் இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வெள்ளை, கருப்பு, பொன்னிறம் எல்லாம் வருகிறது. 5-ல் ஒரே மாதிரி இரண்டு சாக்கெட் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 4-ல் மாட்டிய கை அதே பழக்கத்தில் போனால் ஏமாறலாம்.

நான் செய்வது வேறு. சாக்கெட்டின் பூட்டைத் திறந்து, டார்ச் அடித்து உள்ளே பார்ப்பேன். ஒரு சுவரில் மட்டும் சிறு சிறு உலோகப் பற்கள் தெரியும். எதிர்ச் சுவர் வெறும் பிளாஸ்டிக். பூட்டு கேபிளை அழுத்துவது அந்தப் பக்கத்திலிருந்து. கேபிளின் மின்னும் முனை பற்களைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இது எந்தக் கம்பெனி போர்டுக்கும் பொருந்தும்.

தலைகீழாக மாட்டிவிட்டால் என்ன ஆகும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஒரு முனை மட்டும் திரும்பியிருந்தால் உலோகம் உலோகத்தைத் தொடாது. கேமரா தெரியாது, பொதுவாக வேறு சேதம் ஒன்றும் இருக்காது. உண்மையில் ஆபத்தானது கேபிளின் வகை. வழக்கமான 15-க்கு 15 கேமரா கேபிளில் இரண்டு முனைகளின் உலோகமும் ஒரே முகத்தில் இருக்கும். அதே அகலத்தில், ஒரு முனை மேலே, மறு முனை கீழே என்று எதிரெதிர் முகங்களில் உலோகம் உள்ள கேபிளும் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். அதைப் பற்களுக்குப் பொருத்தமாகவே மாட்டினாலும் பின் வரிசை முழுக்கக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்டுவிடும். 15 பின் சாக்கெட்டில் முதல் பின் கிரவுண்ட், கடைசிப் பின் 3.3 வோல்ட். வரிசை புரண்டால் கேமராவின் கிரவுண்டுக்கு 3.3 வோல்ட்டும், அதன் மின்வரவுக்குக் கிரவுண்டும் போகும். சென்சாருக்கு இது நல்லதல்ல. மேஜையில் கேபிளைப் படுக்கவைத்துப் பாருங்கள்: இரண்டு முனையின் மினுக்கமும் ஒரே பக்கம் தெரிந்தால்தான் அது நமக்கான கேபிள்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். அகலமும் சரி, திசையும் சரி, ஆனாலும் கேமரா தகராறு செய்கிறது. கேபிள் கொஞ்சம் சாய்ந்து உள்ளே போயிருந்தால் இப்படித்தான் ஆகும். எந்த ஓரம் சாய்ந்திருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுப்பது பின் வரிசைதான். 15 பின் கேமரா சாக்கெட்டில் படத்தைக் கொண்டுவரும் இரண்டு தரவு ஜோடிகளும் 2 முதல் 6 வரை, அதாவது ஒரு ஓரத்தில். சென்சாரோடு பேசும் ஐ2சி கம்பிகள் 13, 14-ல், மின்சாரம் 15-ல். இவை மறு ஓரம். 22 பின் சாக்கெட்டிலும் இதே ஏற்பாடுதான்: ஒரு ஓரத்தில் தரவு, மறு ஓரத்தில் 20, 21, 22 என்று ஐ2சியும் மின்சாரமும்.

மின்சாரம் உள்ள ஓரம் தளர்ந்திருந்தால் போர்டுக்குக் கேமரா இருப்பதே தெரியாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

```
rpicam-hello --list-cameras
```

`No cameras available!` என்று வந்தால் ஐ2சி அல்லது மின்சாரம் போய்ச் சேரவில்லை என்று எடுத்துக்கொண்டு அந்த ஓரத்தை முதலில் பார்க்கலாம். கேமரா பட்டியலில் வருகிறது, ஆனால் படம் எடுக்கும்போது மட்டும் `Camera frontend has timed out!` என்று நிற்கிறது என்றால் கதை வேறு. சென்சார் பேசுகிறது, மின்சாரம் இருக்கிறது. தரவு ஜோடிகள் உள்ள எதிர் ஓரம்தான் சரியாகத் தொடவில்லை. இந்த வித்தியாசம் பிடிபட்டதும் கேபிளைக் கழற்றி மாட்டும் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது.

ஒரு உதவிக்குறிப்பு. தானாகக் கண்டறியும் வசதி இருக்கும்போது கேமரா தெரியாவிட்டால் அதன் டிரைவரே ஏற்றப்படாது, கர்னல் பதிவில் தேடினால் ஒரு வரிகூட இருக்காது. எந்தச் சென்சார் என்று நமக்குத் தெரிந்தால் `/boot/firmware/config.txt` கோப்பில் கட்டாயப்படுத்திப் பார்க்கலாம். வெர்ஷன் 2 கேமராவுக்கு:

```
camera_auto_detect=0
dtoverlay=imx219
```

மறுபடி பூட் செய்து `dmesg | grep imx219` கொடுத்தால் `failed to read chip id` என்று புலம்பும். அது கேபிள் பிரச்சினைக்கான நல்ல அடையாளம். மாடல் 5-ல் கேமரா 0 என்ற சாக்கெட்டில் மாட்டியிருந்தால் `dtoverlay=imx219,cam0` என்று எழுத வேண்டும், இல்லாவிட்டால் வீணாகக் கேபிளைத் திட்டிக்கொண்டிருப்போம்.

நண்பர் ஒருவரின் மாடல் 5-ல் நடந்ததைச் சொல்கிறேன். வெர்ஷன் 2 கேமரா, ஒரு பக்கம் 22, ஒரு பக்கம் 15 என்று அகலமெல்லாம் சரியான புதுக் கேபிள். பற்களைப் பார்த்துத்தான் மாட்டியிருந்தார், பூட்டும் நேராக இறங்கியிருந்தது. ஆனாலும் கேமரா இல்லை என்றே வந்தது. அதே கேமரா என் 4-ல் பழைய 15 பின் கேபிளில் ஓடியது, ஆகவே கேமரா மேல் பழி இல்லை. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதிக்கும் நிலையில் வைத்து, இரு முனைகளிலும் 3.3 வோல்ட் ஓரத்திலிருந்து எண்ணினோம். கேமரா கேபிளில் ஓரத்துப் பின், அடுத்தது, அதற்கு அடுத்தது மூன்றும் அதே வரிசையில் நேராக மறு முனைக்குப் போக வேண்டும். இதில் இரண்டாவது பின் மறுமுனையின் இரண்டாவதோடு சத்தம் கொடுக்கவில்லை. அது டிஸ்பிளேக்கான கேபிள்.

5-ல் ஒவ்வொரு 22 பின் சாக்கெட்டும் கேமராவுக்கும் டிஸ்பிளேக்கும் பொது, அங்கேதான் சிக்கல். டிஸ்பிளேயின் 15 பின் பக்கத்தில் ஐ2சி 11, 12-ல் இருக்கிறது, கேமராவில் 13, 14-ல். ஆகவே இரண்டு கேபிள்களும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், உள்ளே வயர் போகும் வழி வேறு. கேபிளிலேயே அச்சடித்திருப்பதைப் படித்து வாங்கினால் பிரச்சினை இல்லை. அவருக்கு வந்ததில் அச்சு எதுவும் இல்லை. விற்றவர் பக்கத்திலும் "5-க்குப் பொருந்தும்" என்று மட்டுமே இருந்தது. பொருந்தியது உண்மைதான்!

மற்ற கம்பெனி போர்டுகளிலும் இதே கவனம் வேண்டும். ஜெட்சன் நானோ டெவலப்பர் கிட்டில் 15 பின், ஓரின் நானோ கிட்டில் 22 பின். அகலம் ஒத்துப்போவதால் மட்டும் கேபிளும் கேமராவும் ஒத்துப்போகும் என்று நினைக்கக்கூடாது, அந்தச் சென்சாருக்கு அந்தப் போர்டில் டிரைவர் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

உழைப்பைப் பற்றி: கேபிள் தேய்வதைவிட சாக்கெட்டின் பூட்டுதான் முதலில் கை கொடுக்காமல் போகிறது. ஸீரோவின் பூட்டு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டி, ஓரத்தை நோக்கி ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே இழுக்க வேண்டும். இரண்டு ஓரத்தையும் நகத்தால் சமமாக, மாறி மாறி. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் காது உடையும், அப்புறம் பூட்டு ஒரு ஓரத்தில் மட்டும் அழுத்தும். மேலே சொன்ன சாய்வு வியாதி நிரந்தரமாகிவிடும். இவை தினமும் கழற்றி மாட்டுவதற்கான சாக்கெட்டுகள் அல்ல. அதனால் சோதனைக்கென்று ஒரு போர்டை ஒதுக்கி, கேபிளைப் போர்டு பக்கத்தில் அப்படியே விட்டுவிட்டு, கேமராவை மட்டும் மாற்றுகிறேன். கழற்றும்போது போர்டில் மின்சாரம் இருக்கவே கூடாது. போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாட்டினாலும், பூட் ஆகும்போதுதான் கேமராவைத் தேடும் என்பதால் அதில் லாபமும் இல்லை.

கடைசியாக ஒன்று, பழைய வெர்ஷன் 1, 2 கேமரா வைத்திருப்பவர்களுக்கு. கேபிளெல்லாம் சரியாக இருந்தும் கேமரா திடீரென்று காணாமல் போனால், லென்ஸ் உள்ள சதுரத்திலிருந்து பச்சைப் போர்டுக்கு வரும் குட்டிக் கனெக்டரை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். வெர்ஷன் 1-ல் அதன்மேல் `SUNNY` என்று எழுதியிருக்கும். அது பெட்டியில் குலுங்கியே தளர்ந்துவிடும். புதுக் கேபிள் வாங்குவதற்கு முன் இதைச் செய்தால் போதும்.