எட்டு வருஷம் ஸ்டில்ட் பார்க்கிங் வீட்ல இருந்த அனுபவம்: 5.1 மீட்டர் கிரிட் பத்தி

நண்பன் ஒருத்தன் புதுசா கட்டப்போற அபார்ட்மென்ட் பிளானை அனுப்பி, கீழ பார்க்கிங் மேல நாலு மாடி, பில்லர் எல்லாம் 5.1 மீட்டர் கிரிட்ல, அதாவது சென்டர் டு சென்டர் 5.1, உன் வீடும் இதே கணக்குதானே எப்படி இருக்குன்னு கேட்டான். ஆமா இதே கணக்குதான், எட்டு வருஷமா இதுலதான் இருக்கேன், அவனுக்கு எழுதினதையே இங்கயும் போடறேன்.

முதல்ல நல்லதை சொல்லிடறேன். மேல வீட்டுக்குள்ள ஒரு பில்லர் கூட ரூமுக்கு நடுவுல வராது, ஒவ்வொரு பீமும் ஏதாவது ஒரு சுவருக்கு மேலயே போகும், அதனால ஹால்ல நிமிர்ந்து பாத்தா சீலிங் ஒரே பலகை மாதிரி இருக்கும். 5 மீட்டர் சொச்சம் ஸ்பேனுக்கு பீம் 450 மில்லி ஆழம் போதும், ஸ்லாபும் தொய்யல, பார்ட்டிஷன் சுவர்ல இத்தனை வருஷத்துல ஒரு விரிசல் இல்ல. இந்த சந்தோஷம் தினமும் இருக்கு, அதை மறைக்க விரும்பல.

ஆனா கீழ இறங்கினா கோவம்தான் வருது. 5.1ங்கறது ரெண்டு கார் அகலம், ஒரு காருக்கு 2.5 மீட்டர்னு கணக்கு போட்டு சரியா இருக்குன்னு முடிவு பண்ணிருக்காங்க. ஆனா அது பில்லரோட நடுக்கோட்டுல இருந்து நடுக்கோடு! எங்க பில்லர் 300க்கு 600 மில்லி, அதுல 600 பக்கம் காரோட அகலத்துப் பக்கமா திரும்பி நிக்குது. பூச்சையும் சேத்து 630 போச்சுன்னா மிச்சம் 4.47 மீட்டர். 1.8 மீட்டர் அகலத்துல ரெண்டு கார் நிறுத்தினா 3.6, பாக்கி 87 சென்டியை மூணு இடைவெளியா பிரிச்சா ஒவ்வொண்ணும் 29 சென்டி. கதவைத் திறந்து ஒரு ஆள் இறங்க 55, 60 சென்டியாவது வேணும். அம்மாவை வாசல்லயே இறக்கி விட்டுட்டுதான் நான் வண்டியை உள்ள விடறேன், எட்டு வருஷமா.

ஏன் அப்படி திருப்பினாங்கன்னு இன்ஜினியரை கேட்டேன், அவர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. மேல ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவுல இருக்கிற சுவர் அந்த திசையில போகுது, பில்லர் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கணும். அதோட எல்லா பில்லரையும் ஒரே திசையில நிறுத்தினா இன்னொரு திசையில கட்டடம் பக்கவாட்டு விசைக்கு பலவீனமாயிடும், கீழ சுவரே இல்லாத ஸ்டில்ட்டுக்கு அது ரொம்ப முக்கியம். சரி, அதுக்கு லிஃப்ட், படிக்கட்டை சுத்தி ரெண்டு திசையிலயும் பக்கவாட்டு விசையைத் தாங்கற கான்கிரீட் சுவர், அதாவது ஷியர் வால் குடுத்திருந்தா, அதுவும் ஒரே மூலையில குவியாம பாத்திருந்தா, கார் நிக்கிற வரிசையில பில்லரோட 300 பக்கத்தை அகலத்துக்கு விட்டிருக்கலாமே. அதை மட்டும் செஞ்சாலே 4.77 கிடைக்கும். கிரிட்டையும் 5.4 ஆக்கியிருந்தா 5.07, இடைவெளி ஒவ்வொண்ணும் 49 சென்டி, டிரைவர் பக்கம் கொஞ்சம் அதிகம் விட்டு நிறுத்தினா தாராளமா இறங்கலாம்.

இன்னொண்ணு இதைவிட மோசம். மேல அந்த சுவர் எங்க வருதோ அங்கயே பில்லரும் வரணும்னு, கீழ அது 5 மீட்டர் பார்க்கிங் நீளத்துக்கு நட்டநடுவுல நிக்குது, அதாவது முன்கதவுக்கு நேரா. அதே பில்லர் வண்டி வர்ற வழியோட ஓரத்துல இருந்து 80 சென்டி மட்டும் உள்ள தள்ளி இருந்தா, நேரா உள்ள விட்ட காரோட டிக்கி, பின்சக்கரம் பக்கம்தான் வரும், அங்க கதவே இல்ல. ஓரத்துலயே ஒட்டி வெச்சாலும் தப்பு, வளைக்கும்போது முன்மூலை உரசும்.

நண்பன் உடனே அப்போ மூணு காருக்கு ஒரு பில்லர்னு 8.1 போட்டுடலாமான்னு கேட்டான். பார்க்கிங் அருமையா இருக்கும், ஆனா பீம் 700 மில்லி கிட்ட போகும். மாடி உயரம் 3 மீட்டர்னா கீழ 2.3, அதுக்கு அடியில பாத்ரூம் குழாய் சரிவோட ஓடினா உயரமான வண்டி முட்டும். மேல ரூமுக்கு நடுவுல தொங்குற பீமும் வரும். பில்லரை கீழ எடுத்துட்டு மேல பீம்ல இருந்து கிளப்பறேன்னு யாராவது சொன்னா மட்டும் ஒத்துக்காதேன்னு சொல்லிட்டேன், மேல் மாடி பாரம் பூரா அந்த ஒரு பீம்ல வந்து உக்காரும், நிலநடுக்கத்துல முதல்ல அடிவாங்கறது அதுதான்.

அவனுக்கு 5.4தான் சொன்னேன். ஃபுட்டிங்குக்கு குழி தோண்டறதுக்கு முன்னாடி தரையில சுண்ணாம்புல பில்லரை பூச்சோட முழு அளவுல வரைஞ்சு, நடுவுல ரெண்டு காரை நிறுத்தி நாலு கதவையும் திறந்து பாக்க சொன்னேன். வீட்டுக்குள்ள மட்டும் பாத்தா எங்க கட்டடத்துக்கு அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். ஆனா இன்னிக்கு காலையில பக்கத்து வண்டிக் கதவு என் வண்டியில மறுபடி கீறிடுச்சு, இந்த பிளானை யார் நீட்டினாலும் வேண்டாம்னுதான் சொல்வேன்.