போன் திரும்பி வந்தது, சீக்ரெட் சாட் வரவில்லை: லீசுக்கு வீடு பார்ப்பவர்கள் கவனத்திற்கு

தண்டையார்பேட்டையில் குடியிருக்கும் நான், கொருக்குப்பேட்டையில் லீசுக்கு ஒரு வீடு பேசி, எழுபத்தைந்தாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்து, அதில் முப்பத்தைந்தாயிரத்துக்கு இன்று எந்த ஆதாரமும் இல்லாமல் நிற்கிறேன். தரகர் ஒருவர் ஏமாற்றினார்; அதற்கு முன்பே, செல்போன் சர்வீஸ் கடை ஒன்று தெரிந்தோ தெரியாமலோ அவருக்கு வழி திறந்து வைத்தது. இருவரின் பெயரையும் எழுதப் போவதில்லை. டெலிகிராமின் சீக்ரெட் சாட் எப்படி வேலை செய்கிறது என்பது எனக்குத் தெரியாமல் போனதுதான் இருவருக்கும் வசதியாக அமைந்தது என்பதால், அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

வீட்டைப் பார்த்த அன்றே தரகர் சொன்னார்: "சார், ஆதார், வீட்டுப் பத்திரம் எல்லாம் அனுப்பிக்கணும், சாதா சாட்ல வேணாம். சீக்ரெட் சாட் போட்டுக்கலாம், யாரும் பார்க்க முடியாது." அவர் சொன்னது பொய்யில்லை. என் பெயருக்கு மேலே இருந்த மூன்று புள்ளியை அழுத்தி Start Secret Chat என்பதை அவரே தொடங்கினார். என் போன் அதை ஏற்றதும், அவர் பெயர் பச்சை நிறத்தில் சிறு பூட்டுப் படத்துடன் தனி வரியாக வந்து நின்றது. ஏற்கெனவே இருந்த சாதாரண உரையாடலும் கீழே தனியாக இருந்தது. அன்று முதல் வாடகை ஒப்பந்தப் பேச்சு, வீட்டுக்காரர் சொன்ன நிபந்தனைகள், பத்திரத்தின் படங்கள் எல்லாம் பூட்டுப் போட்ட வரியில்தான் நடந்தன. நாற்பதாயிரத்தை ஜிபேயில் அனுப்பினேன். மீதி முப்பத்தைந்தாயிரத்தை அவர் கேட்டபடி ரொக்கமாகக் கொடுத்தேன். அதற்கு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, தாளைத் தாமே வைத்துக்கொண்டு, படத்தை மட்டும் அந்த சீக்ரெட் சாட்டில் அனுப்பி வைத்தார். ஸ்கிரீன்ஷாட் எடுக்க முயன்றேன். என் ஆண்ட்ராய்டு போன் அந்தப் பக்கத்தை எடுக்க மறுத்தது. சாட்டிலேயே இருக்கிறதே, போதும் என்று விட்டுவிட்டேன்.

இங்கே ஒரு அறிகுறியை நான் கவனித்திருக்க வேண்டும். அலுவலகத்தில் விண்டோஸ் கணினியிலும் டெலிகிராம் வைத்திருக்கிறேன். என்னுடைய எல்லாக் குழுக்களும், நண்பர்களுடனான உரையாடல்களும், இதே தரகருடனான சாதாரண உரையாடலும் அதில் தெரியும். பச்சைப் பூட்டு வரி மட்டும் ஒருநாளும் தெரிந்ததில்லை. உங்கள் உரையாடல் ஒன்று கணினியில் தெரியாமல் போனில் மட்டும் தெரிகிறது என்றால், அது போனைத் தவிர வேறெங்கும் உங்களுக்கு இல்லை என்று பொருள்.

ஒரு சனிக்கிழமை மெட்ரோ படிக்கட்டில் போன் விழுந்து திரை கருத்துவிட்டது. வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். டிஸ்பிளே மாற்ற மூவாயிரத்து இருநூறு ரூபாய் பேசி, உள்ளே இருப்பதில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். திங்கள் மாலை போனபோது பையன் சொன்னான்: "அண்ணே, டிஸ்பிளே மாத்தினதும் லோகோலயே நின்னுடுச்சு. சாஃப்ட்வேர் போட்டுட்டோம், இப்ப சூப்பரா இருக்கு." உள்ளே இருந்ததெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "எல்லாம் கிளவுட்ல இருக்கும்ணே, லாகின் பண்ணா வந்துடும்" என்றான். எனக்கும் அது சரி என்றே பட்டது. டெலிகிராமைப் பற்றி ஊரில் எல்லோரும் சொல்லும் பெருமையே அதுதானே: எந்தப் போனில் திறந்தாலும் பழையதெல்லாம் வந்து நிற்கும்.

மறுநாள் அலுவலகத்தில் லாகின் செய்தேன். கணினியில் இருந்த டெலிகிராமுக்கே கோடு வந்தது. அதைப் போட்டதும் பல வருடத்துச் செய்திகள் ஒரு நிமிடத்துக்குள் வந்து விழுந்தன. தரகரின் சாதாரண உரையாடலும் வந்தது. அதில் இருந்தது ஒரு வணக்கமும் வீட்டின் லொகேஷனும் மட்டும். பச்சைப் பூட்டு வரி இல்லவே இல்லை. அதே போன், அதே சிம், அதே எண், அதே கணக்கு. இது எப்படி என்று இரண்டு நாள் எனக்குப் புரியவில்லை.

பிறகு தேடிப் படித்தும், விவரம் தெரிந்த மைத்துனரிடம் கேட்டும் புரிந்துகொண்டது இதுதான். சாதாரண உரையாடல்கள் டெலிகிராமின் சர்வரில் சேமிக்கப்படுகின்றன. அவற்றைத் திறக்கும் சாவியும் நிறுவனத்திடமே இருப்பதால், நீங்கள்தான் என்று எண்ணை வைத்து நிரூபித்துவிட்டால் அவை உங்களிடம் வந்துவிடும். சீக்ரெட் சாட்டில் அப்படியில்லை. அது தொடங்கும்போது இரண்டு போன்களும் தமக்குள் ஆளுக்கொரு ரகசிய எண்ணை உருவாக்கி, அந்த எண்ணை அனுப்பாமல் அதிலிருந்து கணக்கிட்ட வேறொன்றை மட்டும் பரிமாறிக்கொள்கின்றன. அதிலிருந்து இரு போனிலும் ஒரே சாவி பிறக்கிறது. டிஃபி–ஹெல்மன் முறை என்று இதற்குப் பெயர். நடுவில் நிற்கும் சர்வர் பூட்டிய பெட்டியைக் கைமாற்றி விடுகிறதே தவிர, சாவியை ஒருபோதும் காண்பதில்லை. போதாக்குறைக்கு, ஒரு சாவியில் நூறு செய்திகளுக்கு மேல் போய்விட்டாலோ, ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டாலோ, செயலி புதுச்சாவி ஒன்றை உருவாக்கிக்கொண்டு பழையதை அழித்துவிடுகிறது. ஆகவே நிறுவனத்துக்கு எழுதினாலும், காவல் துறையே எழுதிக் கேட்டாலும், அவர்களிடம் தருவதற்கு அந்த உரையாடல் இல்லை.

சீக்ரெட் சாட் ஒரே சாதனத்தில்தான் இருக்கும் என்று படித்தபோது, சாதனம் என்றால் கையில் இருக்கும் இந்தப் போன் என்றே நான் நினைத்தேன். உண்மையில் அது அந்தப் போனில் அன்று நிறுவியிருந்த செயலியும், அது தன்னிடம் வைத்திருந்த சாவியும்தான். போனை ரீசெட் செய்தால் அது போய்விடும். செயலியை நீக்கிவிட்டு மீண்டும் போட்டாலும் போய்விடும். ஏதோ சரியாக வரவில்லையே என்று ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வந்தாலும் போய்விடும். லாக் அவுட் செய்தால் எல்லா சீக்ரெட் சாட்களும் இழக்கப்படும் என்று டெலிகிராமே தன் கேள்வி-பதில் பக்கத்தில் எழுதியிருக்கிறது. கூகுள் பேக்கப் இருக்கிறதே என்று நம்பவும் வேண்டாம். டெலிகிராம் டெஸ்க்டாப்பில் தரவை ஏற்றுமதி செய்யும் வசதி இருந்தாலும், அந்தக் கோப்பில் சீக்ரெட் சாட் வராது.

இதன் அடுத்த விளைவுதான் என்னை மாட்டிவிட்டது. கடைக்காரப் பையன் லாக் அவுட் செய்யாமல் நேரடியாக அழித்துவிட்டதால், சர்வரைப் பொறுத்தவரை என் பழைய செயலி இன்னும் எங்கோ உயிரோடு இருப்பதுபோல்தான். கணினியில் Settings, அதில் Devices என்ற இடத்தில் பார்த்தபோது என் போன் இரண்டு முறை பட்டியலில் நின்றது. ஒன்று இன்றையது, இன்னொன்று சனிக்கிழமையோடு நின்றுபோனது. தரகரின் போனில் அந்தப் பச்சைப் பூட்டு வரி வழக்கம்போல் திறந்தே இருந்தது. செவ்வாய் மாலையும் புதனும் வெள்ளியும் அதில் அவர் செய்தி அனுப்பியிருக்கிறார்: இத்தனை தேதிக்குள் மீதிப் பணத்துடன் வரவில்லை என்றால் முன்பணம் திரும்பாது என்று. அவை இல்லாமல் போன செயலிக்காக சர்வரில் காத்துக் கிடந்தன. புதிய செயலிக்கு அவை வருவதற்கு வழியே இல்லை. ஆனால் "ஆன்லைன்" என்று காட்டுவது சாட்டுக்கு உரியதல்ல, கணக்குக்கு உரியது. ஆகவே நான் அலுவலகக் குழுவில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தபோது அவர் திரையில் நான் ஆன்லைனில் இருந்தேன், பதில் மட்டும் சொல்லவில்லை.

கெடு முடிந்த பிறகு போனில் கூப்பிட்டு, "மூணு தடவை சொன்னேன் சார், ஆன்லைன்ல இருந்துகிட்டே பதில் போடல, வீட்டை வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு" என்றார். கொருக்குப்பேட்டையில் ஒரு டீக்கடையில் மைத்துனருடன் போய் அவரைச் சந்தித்தோம். ஆதாரம் காட்டுகிறேன் என்று தம் போனை நீட்டினார். மூன்று செய்திகளும் இருந்தன. மூன்றிலும் ஒற்றை டிக் மட்டும். டெலிகிராமில் ஒரு டிக் என்றால் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது, இரண்டு டிக் என்றால் எதிராளி பார்த்துவிட்டார். நான் பார்க்கவே இல்லை என்பதை அவர் போனே சொன்னது. மைத்துனர் உடனே தம் போனில் அந்தத் திரையைப் படம் பிடித்துக்கொண்டார். எங்களிடம் இன்று இருக்கும் உருப்படியான சான்று அது ஒன்றுதான்.

ஆனால் அந்த மூன்று செய்திகளுக்கு மேலே எதுவும் இல்லை. ரொக்க ரசீதின் படம், பத்திரம், நிபந்தனைகள் எல்லாம் அழிக்கப்பட்டிருந்தன. உலகில் மீதமிருந்த ஒரே பிரதி அவரிடம்தான் இருந்தது. அதை என்ன செய்வது என்பது அவர் விருப்பம். என் பழைய செயலி உயிரோடு இருந்திருந்தாலும், சீக்ரெட் சாட்டில் ஒருவர் அழித்தால் மற்றவர் போனுக்கும் அழிக்கும் உத்தரவு போய்விடும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். பணம் கொடுத்ததற்கான ரசீதை வைத்திருக்க அது ஏற்ற இடமே இல்லை.

ஜிபேயில் போன நாற்பதாயிரத்துக்கு வங்கிக் கணக்கு சாட்சி. அதை மட்டும் ஒப்புக்கொண்டு, இரண்டு தவணையில் இருபதாயிரம் திருப்பியிருக்கிறார். ரொக்கத்தை வாங்கவே இல்லை என்கிறார். காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கடைக்காரரோ, சாஃப்ட்வேர் போட்டதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை என்பதையே சலுகையாகச் சொல்கிறார்.

போன் உடையாமல் திருட்டுப் போனவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு: உங்களிடம் இல்லாத அந்த உரையாடல் திருடனின் கையில் இருக்கும். கணினியிலோ வேறு போனிலோ டெலிகிராம் ஏற்கெனவே இருந்தால், அங்கிருந்து Devices பட்டியலில் தொலைந்த போனை நீக்கிவிடுங்கள். அந்தப் போனுக்கு இணையம் கிடைக்கும்போதுதான் அது செயல்படும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வேறெங்கும் இல்லாமல் புதுப்போனில் இன்றுதான் லாகின் செய்தீர்கள் என்றால், முதல் 24 மணி நேரத்துக்கு மற்றச் சாதனங்களை அங்கிருந்து நீக்க முடியாது. ஆகவே சிம்மை முடக்கிப் புது சிம் வாங்கும் வேலையை முதலில் செய்யுங்கள்.

திரை மட்டும் போய், போன் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், டிஸ்பிளேயை உங்கள் கண்முன்னே மாற்றச் சொல்லுங்கள். லோகோவில் நின்றாலும் சாஃப்ட்வேர் போட விடாமல் போனை அப்படியே வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள். திரை தெரிந்த மறுநிமிடம் பச்சைப் பூட்டு வரியைத் திறந்து, பணம் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு பக்கத்தையும் இன்னொரு போனால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கொடுத்த ரொக்கத்துக்குத் தாளில் எழுதிய ரசீதை, படமாக அல்ல, தாளாகவே கையில் வாங்குங்கள்.