மாணவர்களை அணி பிரிக்க மீதிக் கணக்கு: சுழல் முறையா, திரும்பும் முறையா?

ஒரு வகுப்பின் 32 மாணவர்களை 4 அணிகளாகப் பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் தாளில் முதல் வரி தலைப்பு. பெயர்கள் 2ஆம் வரியிலிருந்து, மதிப்பெண்ணின் இறங்குவரிசையில் உள்ளன. பலரும் எழுதும் வாய்பாடு இது:

```
=MOD(ROW()-2,4)+1
```

வரி எண்ணிலிருந்து 2ஐக் கழித்து 4ஆல் வகுத்தால் மீதி 0 முதல் 3 வரை சுழலும். 1ஐக் கூட்டினால் அது அணி எண்ணாகிவிடும். வகுத்தலின் ஈவை எடுத்து முதல் 8 பேரை முதல் அணி, அடுத்த 8 பேரை இரண்டாம் அணி என்று வெட்டும் முறையை விட இது மேலானது. ஏனெனில் அங்கே முன்னணி மாணவர்கள் அனைவரும் ஒரே அணியில் சேர்ந்துவிடுவார்கள். மாணவர்கள் 30 பேராக இருந்தாலும் சுழல் முறை 8, 8, 7, 7 என்று பிரிக்கும். வெட்டும் முறையோ 8, 8, 8, 6 என்று கடைசி அணியை மெலியவிடும்.

ஆயினும் சுழல் முறையில் ஒரு சாய்வு ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் முதல் அணிக்கே சிறந்தவர் கிடைக்கிறார், நான்காம் அணிக்கு எப்போதும் கடைசியானவர்தான். தர எண்களைக் கூட்டினால் முதல் அணிக்கு (1, 5, 9 … 29) 120 வருகிறது, நான்காம் அணிக்கு (4, 8, 12 … 32) 144 வருகிறது. இந்த வேறுபாட்டைத் திரும்பும் முறை நீக்குகிறது:

```
=CHOOSE(MOD(ROW()-2,8)+1,1,2,3,4,4,3,2,1)
```

இங்கே 8ஆல் வகுப்பதால் ஒரு சுற்று முன்னோக்கியும் அடுத்த சுற்று பின்னோக்கியும் செல்கிறது. முதல் அணிக்கு 1, 8, 9, 16, 17, 24, 25, 32 ஆகியோர் அமைவர், கூட்டுத்தொகை 132. மற்ற மூன்று அணிகளுக்கும் அதே 132தான். தர எண்கள் சமமாவதால் மதிப்பெண்களும் துல்லியமாகச் சமமாகிவிடும் என்று கொள்ளக் கூடாது. முதலிடத்தவர் மற்றவர்களை விட வெகுவாக முந்தியிருந்தால் அந்த இடைவெளி அப்படியே இருக்கும். எனினும் மதிப்பெண் வரிசைப்படியான பட்டியலுக்கு நான் தயங்காமல் இதையே தேர்ந்தெடுப்பேன்.

பட்டியல் அகர வரிசையில் இருந்தால் எளிய சுழல் முறையே போதும். மாணவனும் மாணவியும் மாறிமாறி எழுதப்பட்ட பட்டியலில் மட்டும் அது ஏமாற்றிவிடும்: 4 இரட்டைப்படை எண் என்பதால் 1, 3 ஆகிய அணிகளில் மாணவர்கள் மட்டுமே, 2, 4 ஆகியவற்றில் மாணவிகள் மட்டுமே இருப்பார்கள். திரும்பும் முறையில் இந்தப் பிரிவு நேராது.

இரண்டு வாய்பாடுகளுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. ROW() மாணவரை அறியாது, அவர் நிற்கும் வரியை மட்டுமே அறியும். ஆகவே பின்னர் யாரேனும் பட்டியலைப் பெயர்வாரியாக அடுக்கினாலோ நடுவில் ஒரு வரியை நீக்கினாலோ அறிவித்த அணிகள் ஓசையின்றி மாறிவிடும். அணிகள் முடிவானவுடன் அந்த நெடுவரிசையை நகலெடுத்து, அதே இடத்தில் மதிப்புகளாக மட்டும் ஒட்டிவிட வேண்டும்.